கால் அந்தரம்

மனநோய்ப் பரீட்சைக்கு நான் கீறிய அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. சுவர்க் கலண்டரின் பழைய மாதத் தாள்களைக் கிழித்து, நாலு தாளைப் பசை போட்டு ஒட்டி, பின்பக்கத்து வெள்ளையில் கோடு போட்டேன். பசை போட்ட இடமெல்லாம் இப்போது பழுப்பேறிவிட்டது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. குடாநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சித் தாதியாக இருந்தேன். மூன்று மாதம் பெண்கள் மனநோய் வார்ட்டில் வேலை, முடிவில் பரீட்சை. விடுதியில் என் கட்டிலுக்கு எதிரே அந்தத் தாளைக் குத்திவைத்து, தலைமுடி பின்னும்போதும் சேலைக்கு ஊசி குத்தும்போதும் வாய்க்குள் முணுமுணுப்பேன். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று என் அறைக்காரி சிரிப்பாள்.

அதை அப்படியே இங்கே தருகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் வெட்கத்துக்காகத் திருத்தியிருக்கிறேன்.

| மருந்து | என்ன தொந்தரவு வரும் | தாதி என்ன பார்க்க வேண்டும் |
|---|---|---|
| குளோர்புரோமசின் | தூக்கம், எழும்பும்போது தலைச்சுற்று, வாய் வறட்சி, மலச்சிக்கல், வெயில் பட்டால் தோல் எரிதல், அரிதாக மஞ்சட்காமாலை | படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிறஷர் எடு. மெல்ல எழுப்பு. தண்ணீர் கொடு. நிழலில் வை. கண் மஞ்சளா என்று பார் |
| ஹலோபெரிடோல் | கழுத்து இழுத்தல், கண் மேலே செருகுதல், கை நடுக்கம், விறைப்பு, அமைதியின்மை | நடையைப் பார். கையை மடக்கிப் பார். விழுங்க முடிகிறதா பார். அமைதியின்மை இருந்தால் டொக்டருக்கு அறிவி |
| புளூபெனசின் ஊசி | மேலே உள்ளவைதான். ஆனால் மருந்து வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும் | ஊசி போட்ட பக்கத்தைக் குறித்து வை. நாள் கழிந்தாலும் பார்த்துக்கொண்டிரு |
| தயோரிடசின் | வாய் வறட்சி, தலைச்சுற்று, அளவு மிஞ்சினால் கண்பார்வை பழுது | அளவைச் சரிபார். பார்வை எப்படி என்று கேள் |
| எல்லாவற்றுக்கும் | நிறை கூடுதல், மாதவிலக்கு நிற்றல், நெடுங்காலம் குடித்தால் நாக்கும் உதடும் தானாக அசைதல் | நிறை எடு. நாக்கைப் பார். தொண்டை நோவும் காய்ச்சலும் என்றால் இரத்தம் சோதிக்கச் சொல். காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே ஆளைக் கூப்பிடு |

பிழை இல்லாத அட்டவணை. எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை மெச்சி, வகுப்பில் மற்றவர்களுக்கும் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்றைக்கு இரண்டாவது வரியின் கடைசி வசனத்தைப் பார்க்கும்போது எழுதிய கையை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. "அமைதியின்மை இருந்தால் டொக்டருக்கு அறிவி." அறிவித்தேனே! மூன்று நாள் விடாமல் அறிவித்தேன். அந்த அறிவிப்புத்தான் ஒருத்தியைக் கைக்குழந்தையிடமிருந்து பிரித்துக் கொழும்பு ரெயிலில் ஏற்றப் பார்த்தது.

அவள் குருநகர்ப் பக்கத்துக் கடற்தொழிலாளி ஒருவரின் மனைவி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அதனால் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. கடலில் போய்த் திரும்பாத தம்பி தன்னைக் கூப்பிடுகிறான் என்று சொல்லிச் சொல்லி, சோற்றில் நஞ்சு கிடக்கிறது என்று சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றவளைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து எங்களிடம் விட்டார்கள். ஹலோபெரிடோல் தொடங்கினார்கள். விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் மாற்றாகப் பென்செக்சோலும் கூடவே போனது. ஒரு கிழமைக்குள் குரல் அடங்கிவிட்டது. "தம்பி கூப்பிடேல்லை மிஸ்ஸி, அவன் தன்ரை பாட்டுக்குக் கிடக்கிறான்" என்று அவளே சொன்னாள். சோறும் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷம். குளிசை கொடுக்கும்போது வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாளும் ஒளித்து வைத்ததில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, பிறஷர் எடுக்கப் போனேன். கையை நீட்டியவள் நான் பட்டியைச் சுற்றி முடிக்கும் முன்பே எழும்பிவிட்டாள். இருத்தினேன், எழும்பினாள்.

"என்னக்கா?"

"அந்தரமாக் கிடக்கு மிஸ்ஸி."

அந்தரம் என்ற சொல்லை எங்கள் ஊரில் எதற்குத்தான் சொல்ல மாட்டோம்? பஸ் வரப் பிந்தினாலும் அந்தரம். பரீட்சை முடிவு வரப்போகிறது என்றாலும் அந்தரம். செத்த வீட்டுச் செய்தி வந்தாலும் அந்தரம். நீர்வேலியில் என் அப்பாவின் வாழைத் தோட்டத்துக்கு மேலே காற்று இரைந்தால் அவருக்கும் அந்தரம். மனம் தத்தளிப்பதைத்தான் நான் அந்தரம் என்று அறிந்திருந்தேன். அதனால் கேள்வி ஒன்றும் கேட்காமல் றிப்போட் புத்தகத்தை எடுத்தேன்.

அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டும். அவள் சொன்னதை அப்படியே விபரமாக எழுதத்தான் முதலில் தொடங்கினேன். வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, கதையோ எழுதிறீர்? நாப்பது கட்டில் கிடக்கு. ஒரு சொல்லு போதும்."

ஒரு சொல் எழுதினேன். ஏஜிட்டேட்டட். மனம் கிளர்ந்து கொதித்துப் போயிருக்கிறாள் என்று பொருள். அழகான கையெழுத்து வேறு. டொக்டர் சுற்றி வந்தபோது அந்தச் சொல்லைப் படித்தார், கட்டிலைப் பார்த்தார். அவள் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நோய் இன்னும் அடங்கவில்லை என்று மருந்தைக் கூட்டினார். அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைப் படிக்கிற எவரும் கூட்டத்தான் செய்வார்கள்.

வியாழன் அவள் நடை கூடிற்று. நின்றாலும் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நின்றாள், சூடான மணலில் நிற்கிறவள் போல. "அந்தரம் கூடிப்போச்சு மிஸ்ஸி." எழுதினேன், அதே சொல். மருந்து கூடிற்று. வெள்ளி முழுக்க அவள் ஓரிடத்தில் இருக்கவே இல்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு நடந்தாள். மற்றவர்களின் கட்டில்களில் இடித்து வசை வாங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னைக் கட்டிவிடுங்கோ மிஸ்ஸி, இல்லாட்டில் கடலிலை கொண்டுபோய் விடுங்கோ. இந்த அந்தரம் ஏலாது." நான் ஓடிப்போய் எழுதினேன். மூன்றாம் தரமும் அதே சொல், அடியில் கோடும் போட்டு! எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு, நெருப்பு எரிகிறது என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் டொக்டர் முடிவு சொன்னார். இவ்வளவு கொடுத்தும் கேட்கவில்லை, கடலையும் சொல்கிறாள், இந்தச் சின்ன வார்ட்டில் வைத்திருப்பது ஆபத்து. தெற்கே உள்ள பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். செவ்வாய் ரெயில். சிஸ்டர் கடிதம் தட்டெழுதக் கொடுத்துவிட்டார். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. வலை வலிக்கிற மனிதன் குழந்தையையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு எத்தனை தரம் போவான்? போகவே மாட்டான். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. அட்டவணைக்கு முன்னால் இருந்து படித்தேன். அதே இரண்டாவது வரியையும் படித்தேன். நடுக்கம், விறைப்பு, அமைதியின்மை. வாய் சொல்லிக்கொண்டு போயிற்று. மூளை அசையவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் கட்டிலுக்கு எதிரே பெரிதாய்த் தொங்கிக்கொண்டிருந்தது, நானும் பெருமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தோலிக்கர்களான அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் அவளுடைய புருஷன் குழந்தையோடு வந்தார். குழந்தைகளை வார்ட்டுக்குள் விட மாட்டோம். ஆகவே அவர் வெளியே யன்னற் கம்பிக்கு அருகில் குழந்தையைத் தூக்கிப் பிடித்தார். அவள் உள்ளேயிருந்து கையை விட்டுக் குழந்தையின் காலைத் தொடுவாள், விட்டுவிட்டு நடப்பாள், திரும்பி வந்து தொடுவாள். குழந்தை முதலில் விளையாட்டென்று சிரித்தது, பிறகு அழத் தொடங்கியது. அவர் என்னைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமைப் பயணத்தைப் பற்றிச் சிஸ்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். கத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை.

"மிஸ்ஸி, ஒண்டு கேக்கிறன். அவவுக்கு விசர் கூடிப்போச்செண்டு சொல்லினம். ஆனால் கதைச்சால் சரியாத்தானே கதைக்கிறா? பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டதோ எண்டு கேட்டா. கிழிஞ்ச வலை பொத்தினதோ எண்டு கேட்டா."

"அந்தரம் குறையேல்லையே அண்ணை" என்றேன், பெரிய படிப்பாளி போல.

"அதைத்தான் சொல்லுறன். சுகமில்லாத நேரத்திலையும் அவ முழங்காலிலை நிண்டு முழுச் செபமாலையும் சொல்லுவா. இப்ப ஒரு பத்துமணி முடிக்கேலாமல் கிடக்காம். மனம் செபத்திலைதானாம் நிக்குது, கால் நிக்குதில்லையாம். காலுக்குத்தான் அந்தரம் எண்டு சொல்லுறா."

நான் சைவக்காரி. செபமாலையில் பத்துமணி என்றால், அந்தப் பத்து மணிகளையும் உருட்டிச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் என்றுகூடத் தெரியாது. ஆனால் "காலுக்குத்தான் அந்தரம்" என்றது காதுக்குள் போய் நின்றுவிட்டது. உள்ளே ஓடினேன். அவளை மறித்தேன்.

"அக்கா, எங்கை அந்தரம்? மனத்திலையோ, காலிலையோ?"

அவள் நடந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை நாளும் என்ன கேட்டுக்கொண்டிருந்தாய் என்ற பார்வை.

"காலிலை மிஸ்ஸி. முழங்காலுக்குள்ளை எறும்பு ஊருறமாதிரி. நடந்தால் கொஞ்சம் குறையும். மனம் சும்மாதான் கிடக்கு. இந்தக் கால் விட்டுதெண்டால் நான் ஏன் அழுறன்?"

அகதீசியா. ஹலோபெரிடோல் வரியில் நான் வெறுமனே "அமைதியின்மை" என்று எழுதியிருந்த அந்தச் சாமானின் பெயர். வகுப்பில் ஆசிரியை "இருப்புக் கொள்ளாமை" என்று நல்ல தமிழில் சொல்லியிருந்தார். அது நீளமாக இருக்கிறதென்று நான்தான் சுருக்கிக்கொண்டேன். நோயால் வரும் அமைதியின்மைக்கு மருந்தைக் கூட்டலாம். மருந்தால் வரும் இருப்புக் கொள்ளாமைக்குக் கூட்டினால் அது இன்னும் கூடும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் யார் கண்டுபிடிப்பது? கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, முதலில் என் மேல், பிறகு அந்தப் புத்தகத்தின் மேல்.

வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. கையை மடக்கிப் பார்த்தேன், கொஞ்சம் விறைப்புத்தான். நாடியையும் பிறஷரையும் குறித்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். அவர் மருந்து அலுமாரியை எண்ணிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"நீர் டொக்டரோ?"

"இல்லை சிஸ்டர். ஆனால் நான் எழுதினது பிழை. வெட்டிப்போட்டு எழுதட்டோ?"

"றிப்போட் புத்தகத்திலை வெட்டுக்கொத்து வைக்கேலாது. விசாரணை வந்தால் ஆர் மறுமொழி சொல்லுறது? நாளைக்கு டொக்டர் வருவார், அவரிட்டைச் சொல்லும்."

"அப்ப இண்டைக்குப் பின்னேரக் குளிசை?"

அவர் அலுமாரியைப் பூட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கடமையில் இருந்த உதவி டொக்டரைக் கூப்பிட்டு அந்த வேளையை மட்டும் நிறுத்த அனுமதி வாங்கினார். சிஸ்டரின் மேல் இன்றுவரை முழுக் கோபம் வராமல் போனதற்கு அந்த ஒரு வேளைதான் காரணம்.

திங்கட்கிழமை டொக்டர் வந்தார். பயிற்சித் தாதி வாய் திறக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஆனாலும் முன்னுக்குப் போய் நின்றேன்.

"சேர், அவவுக்கு மனம் அந்தரமில்லை. கால் அந்தரம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவரச் சொல்லி அவளை இருக்கச் சொன்னார். இருந்தாள். கால்மேல் கால் போட்டாள், எடுத்தாள், பாதத்தைத் தட்டினாள், எழும்பிவிட்டாள். நிற்கச் சொன்னார். கால் மாறி மாறி நின்றாள். "தம்பின்ரை குரல் கேக்குதோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா." "ஆரும் நஞ்சு வைக்கினமோ?" "இல்லை ஐயா. உங்கடை சாம்பாருக்கு உப்புத்தான் காணாது."

அவர் புத்தகத்தைத் திறந்து மூன்று நாள் பக்கங்களையும் புரட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஏன் புதன்கிழமையே எழுதேல்லை? நீர் எழுதினதை வைச்சுத்தானே நான் கூட்டினனான்."

மறுமொழி இருந்தது. ஒரு சொல் போதும் என்றார்கள், ஆங்கிலத்தில் எழுது என்றார்கள், என்று சொல்லலாம். நீங்களும் ஒரு தரம் அவளைக் கேட்டிருக்கலாமே என்றும் சொல்லலாம். சொல்லவில்லை. அவர் சொன்னதும் உண்மைதான்.

ஹலோபெரிடோலை முதல் அளவுக்கும் கீழே இறக்கினார். அந்தரத்தைத் தணிக்கச் சில நாளைக்கு டயசிபாமும் எழுதினார். செவ்வாய்ப் பயணத்தை நிறுத்தினார். வியாழக்கிழமை அவள் கட்டிலில் இருந்து சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறு யன்னலடியில் முழங்காலில் நின்று ஒரு பத்துமணி முழுதாகச் சொன்னாள். நான் நாடி பார்ப்பதாகப் பாசாங்கு செய்துகொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்துமணிக்கு எவ்வளவு நேரம் என்று அன்றுதான் அறிந்துகொண்டேன். மூன்று கிழமையில் வீட்டுக்குப் போனாள். குழந்தை வெளி வாசலில் வைத்தே அவள் இடுப்பில் ஏறிவிட்டது.

பரீட்சையிலும் அந்தக் கேள்வி வந்தது. மருந்துகளின் தொந்தரவுகளையும் தாதியின் கவனிப்பையும் அட்டவணையாக எழுதுக. எழுதினேன். இரண்டாவது வரியில் கூட ஒரு வசனம் சேர்த்தேன்: "அந்தரம் என்றால் எங்கே என்று கேள்." சோதித்தவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் "தேவையற்றது" என்று எழுதியிருந்தார். மற்றதுக்கெல்லாம் முழுப் புள்ளி. அந்த விடைத்தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

எண்பதுகள் தொடங்கிவிட்டன. பல ஆஸ்பத்திரிகள் சுற்றி, அதே வார்ட்டுக்குப் பொறுப்பாகத் திரும்பி வந்திருந்தேன். ஒரு காலை அவளைக் கொண்டுவந்தார்கள். மெலிந்து, தலை நரை விழுந்து, தம்பியோடு கதைத்துக்கொண்டு. புருஷன்தான் கூட்டி வந்தார். குளிசையை விட்டுப் பல மாதமாம்.

"ஏன் அண்ணை விடவிட்டனீங்கள்?"

"அந்தக் கால் அந்தரம் திரும்ப வருமெண்டு பயம் மிஸ்ஸி. குளிசையைக் கண்டால் காலைத்தான் பிடிக்கிறா. நானும் பாவமெண்டு விட்டிட்டன்."

புதிதாக வந்த இளம் டொக்டர் பழைய றிப்போட் புத்தகத்தை எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை, அக்கறையாகத்தான் படித்தார்.

"சிஸ்டர், போன தரம் குறைஞ்ச அளவுக்கு இவவுக்கு வருத்தம் அடங்கேல்லை போல. மூண்டு நாளும் ஏஜிட்டேட்டட் எண்டு வடிவா எழுதியிருக்கு, கோடும் போட்டிருக்கு. இந்த முறை முதலே கூட்டித் தொடங்குவம்."

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. மங்கவே இல்லை. அதன் கீழே பழைய டொக்டர் மருந்தைக் குறைத்தது ஒரு வரி, கோழி கிளறினது போல. ஏன் குறைத்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. என் பிழை அச்சுப் போல நின்றது, திருத்தம் வாயோடு போய்விட்டது. வெட்டக்கூடாது என்று சொன்ன சிஸ்டரும் வேலையிலிருந்து இளைப்பாறிப் போய்விட்டார். யாரோடு சண்டை பிடிப்பது?

"டொக்டர், அதை எழுதின ஆள் நான்தான். அது பிழை" என்று தொடங்கினேன்.

அதுவரை தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தவள் என் குரலைக் கேட்டுத் திரும்பினாள். இடையில் போன வருடங்களும் பொறுப்புச் சிஸ்டரின் உடுப்பும் அவளைக் குழப்பவில்லை. என் கையில் இருந்த பேனையைத்தான் பார்த்தாள்.

"மிஸ்ஸி" என்றாள், "இந்த முறை கால் எண்டு எழுதுங்கோ."